ஒரு நிமிட வாசிப்பில் எதை முதலில் பார்ப்பது?

மாணவர் முன்பு படித்திராத பத்தியை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் செய்து, உங்களிடமுள்ள அதே பத்தியின் நகலில் பிழைகளைக் குறியுங்கள். தானாகத் திருத்திக்கொண்ட சொல் பிழையாகாது. மூன்று விநாடி தயங்கி நின்றால் சொல்லைக் கூறிவிட்டு, அதைப் பிழையாகக் கணக்கிடுங்கள்.

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி 50 சொற்களை வாசித்து 7 பிழை செய்தால், நிமிடத்திற்குச் சரியான சொற்கள் 43, துல்லியம் 86 விழுக்காடு. துல்லியம் 90-க்குக் கீழே இருப்பதால் அந்தப் பத்தி அவளுக்குக் கடினமானது. இப்போது வேகத்தைக் கூட்டச் சொன்னால் ஊகித்து வாசிக்கவே பழகுவாள். ஏழில் ஐந்து பிழைகள் குறில், நெடில் மாறியவை எனில், அவ்வகைச் சொற்களையும் எளிய பத்தியையும் கொண்டு தினமும் சில நிமிடம் பயிற்சி அளியுங்கள்.

துல்லியம் 95-ஐத் தாண்டியும் சொல் சொல்லாக நிறுத்தி வாசிப்பவருக்குத் தேவைப்படுவது வேறு: நீங்கள் வாசித்துக் காட்டிய பத்தியில் சொற்றொடர் முடியும் இடங்களில் கோடிட்டு, மூன்று நான்கு முறை மீண்டும் வாசிக்க வையுங்கள். தமிழ்ச் சொற்கள் விகுதிகள் சேர்ந்து நீள்வதால், ஆங்கில வாசிப்புக்கான வேக அட்டவணையோடு ஒப்பிடாமல், அதே மாணவரின் முந்தைய அளவோடு ஒப்பிடுங்கள்.