இந்த மிக்ஸி தினமும் மாவரைக்கத் தாங்குமா? போட்டோவை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

திருநெல்வேலியில் இருக்கும் நாத்தனார் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். "மதினி, பக்கத்துத் தெருவுல ஒருத்தங்க விக்காங்க. தினம் மாவு அரைக்கலாமா, பாத்துச் சொல்லுங்க." பளபளவென்று துடைத்து, முன்பக்கம் மட்டும் எடுத்த படம். அதை வைத்து நிறத்தைத்தான் சொல்ல முடியும். மூன்று படம் கேட்டு வாங்கினேன்: ஜாரின் பக்கவாட்டுத் தோற்றம், ஜாருக்குள் மேலிருந்து ஒன்று, மிக்ஸியையும் ஜாரையும் கவிழ்த்து அடிப்பக்கம் ஒன்று.

படி 1: ஜாரின் உண்மையான கொள்ளளவு

விற்கிறவர் சொல்லும் லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். ஜார் பக்கத்தில் 15 செ.மீ. பள்ளிக்கூட ஸ்கேலை நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு போன் திரையின்மேல் இன்னொரு ஸ்கேலை வைத்து அளக்க வேண்டியதுதான். நாத்தனார் அனுப்பிய படத்தில் 15 செ.மீ. ஸ்கேல் திரையில் 6 செ.மீ. இருந்தது. அதாவது திரையில் 1 செ.மீ. என்றால் நேரில் 2.5 செ.மீ. ஜாரின் நடு அகலம் திரையில் 4.4, நேரில் 11 செ.மீ. உயரம் திரையில் 5.2, நேரில் 13 செ.மீ. அகலத்தில் பாதி 5.5. எனவே 3.14 × 5.5 × 5.5 × 13, சுமார் 1235 மி.லி. "ஒன்றரை லிட்டர்" என்று சொல்லப்பட்ட ஜார் விளிம்பு வரை ஊற்றினாலும் ஒன்றேகால் லிட்டர்கூட வராது.

ஜார் கீழே குறுகி மேலே விரிந்திருக்கும் என்பதால் நடு அகலத்தைத்தான் எடுக்க வேண்டும்.

நான் முதல் தடவை ஏமாந்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு பழைய மிக்ஸி வாங்கியபோது இதே கணக்கைப் போட்டேன், 1.7 லிட்டர் வந்தது. சந்தோஷமாக வாங்கிவந்து உளுந்தைப் போட்டால் மூடி இடுக்கு வழியாக நுரை வழிந்து சுவரெல்லாம் தெறித்தது. தண்ணீர் ஊற்றி அளந்தேன். சரியாக 1 லிட்டர். கணக்கில் தப்பில்லை, ஸ்கேல் இருந்த இடத்தில்தான் தப்பு. ஸ்கேலை ஜாருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், போனையும் மிகக் கிட்டத்தில் பிடித்திருந்தார்கள். கேமராவிலிருந்து ஜார் 40 செ.மீ., ஸ்கேல் 48 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளி இருக்கும் ஸ்கேல் சிறிதாகத் தெரியும், அதனால் ஜார் 1.2 மடங்கு பெரிதாகத் தெரியும். அகலம், ஆழம், உயரம் மூன்றிலும் அந்த 1.2 ஏறுவதால் கொள்ளளவு 1.7 மடங்கு ஆகிவிடுகிறது.

ஆகவே ஸ்கேல் ஜாரின் முன்னாலும் இருக்கக் கூடாது, பின்னாலும் இருக்கக் கூடாது. ஜாரின் வலது அல்லது இடது ஓரத்தைத் தொட்டபடி நிற்க வேண்டும். போட்டோ எடுப்பவர் நாலு தப்படி பின்னால் போய், ஜாரின் நடு உயரத்துக்குப் போனை இறக்கி, ஜூம் பண்ணி எடுக்க வேண்டும். சிலர் ஸ்கேலுக்குப் பதிலாக ஏடிஎம் கார்டை வைத்து அனுப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், நம்பர் அப்படியே தெரிகிறது.

இனி நம் வீட்டுக் கணக்கு. மாவுக்கு ஜாரில் பாதிதான் பயன்படும். அதற்கு மேல் போட்டால் மேலே இருப்பது சுற்றாது, உளுந்து பொங்கவும் இடமிருக்காது. நாத்தனார் வீட்டில் நாலு பேர். 200 மி.லி. டம்ளரில் இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் உளுந்து. இந்த ஜாரில் பாதி என்றால் 600 மி.லி. உளுந்து ஒரு ஈடு, அரிசி இரண்டு ஈடு, ஆக மூன்று. அளவு போதும்.

படி 2: ஜாருக்குள்

உள்சுவரில் மேலிருந்து கீழாக மேடு மேடாக வரிகள் தெரிய வேண்டும். அவை இல்லாத வழுவழு ஜாரில் மாவு பிளேடோடு சேர்ந்தே சுற்றும். நடுவில் குழி விழுந்து, சுவரோரம் அரிசி அப்படியே நிற்கும். பிறகு பிளேடு உயரம். மேலிருந்து டார்ச் அடித்து எடுத்த படத்தில் பிளேடின் நிழல் அதன் அடியிலேயே ஒட்டி விழுந்தால் பிளேடு தாழ்வாக இருக்கிறது, நல்லது. நிழல் தள்ளி விழுந்தால் அடியில் இடைவெளி அதிகம், குருணை தங்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எல்லா நிழலும் தள்ளித்தான் விழும், நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

படி 3: மோட்டாரின் அடிப்பக்கம்

முன்பக்க ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸை நான் பார்ப்பதே இல்லை. அடியில் ஒட்டிய தகட்டில் இருப்பதுதான் கணக்கு. அங்கே வாட்ஸோடு இன்னொரு வரியும் இருக்கும்: 30 நிமிடம், 5 நிமிடம் ஆன், 2 நிமிடம் ஆஃப் என்பது போல. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பது அதுதான். ஒரு ஈடு மாவுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஆகவே 5 நிமிடம் ஆன் என்றிருந்தால் சரி. ஸ்மூத்தி போட வரும் சில சின்ன ரகங்களில் 1 நிமிடம்தான் போட்டிருக்கும்; அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் மாவுக்கு ஆகாது.

மாவு கெட்டியாக இருக்கும்போது மோட்டாரின் வேகம் குறையும், அது இழுக்கும் கரண்ட் கூடும். காற்று வீசும் விசிறி அதே அச்சில் இருப்பதால் அதுவும் மெதுவாகிவிடும். சூடு அதிகமாகும் நேரத்தில்தான் காற்றும் குறைகிறது. அதனால் தினமும் அரைக்கிற வீட்டுக்கு 750 வாட்ஸ் என்பது என் கட்சி. 500, 550 இருந்தால் ஈட்டைச் சின்னதாக்கி, ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கலாம். தினமும் அரைக் கிலோ அரிசிக்கு மேல் போகிற வீடு என்றால் மிக்ஸியை விட்டுவிட்டு டேபிள்டாப் கிரைண்டர் வாங்குங்கள்.

நாத்தனாரின் படத்தில் 550 வாட்ஸ், 5 நிமிடம் ஆன், சிவப்பு ஓவர்லோடு பட்டன் எல்லாம் இருந்தது. ஈட்டைச் சின்னதாக்கி அரைத்தால் மோட்டார் தேறும். ஆனால் ஜாரின் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நடுத்தண்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்து தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். அந்தக் கறுப்பு மாவிலும் இறங்கும், கசியும் தண்ணீர் மோட்டாருக்குள்ளும் போகும். ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பற்களும் கூர் மழுங்கி உருண்டிருந்தன. "புஷ்ஷும் கப்ளரும் மாத்தித் தந்தா வாங்கு, இல்லைன்னா அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லு" என்றேன்.

மோட்டாரின் உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா என்பது போட்டோவில் தெரியாது, பேரிங் சத்தம் போடுகிறதா என்பதும் தெரியாது. சத்தத்துக்கு, ஊறவைத்த அரிசியைப் போட்டு ஒரு நிமிடம் ஓட்டிய வீடியோ கேட்க வேண்டும். வெறும் ஜாரை ஓட்டிக் காட்டுவது எதற்கும் உதவாது.

பின்சேர்க்கை: அமெரிக்காவிலிருந்து திரும்பிய உறவினர் தந்த மிக்ஸி என்று ஒரு தோழி படம் அனுப்பியிருந்தார். 1.5 லிட்டர் ஜார், 750 வாட்ஸ், எல்லாம் பொருத்தம். தகட்டில் 120 வோல்ட் என்று இருந்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். ஆகவே படி 3-இல் வாட்ஸுக்கு முன்னால் வோல்ட்டைப் பாருங்கள்.