பாஸ்போர்ட் போட்டோவுல பின்னாடி இருக்கறத ஆப் வச்சு அழிக்காதீங்க மக்களே

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பாதி வீட்டுல கல்ஃப் போற ஆளு இருக்கும், அதனால கைப்பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கறது இங்க சாதாரணம். பெரியவங்களுக்கு சேவா கேந்திராவிலயே போட்டோ எடுத்துருவாங்க, 4 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு மட்டும் வெள்ளை பேக்ரவுண்ட் போட்டோ நாமதான் கொண்டு போணும்.

வீட்டுல எடுத்தா பின்னாடி காலண்டர், ஜன்னல் கம்பி எல்லாம் விழும், உடனே ஆப்ல போட்டு வெள்ளையாக்குவோம். அங்கதான் சிக்கல். சாஃப்ட்வேர்ல மாத்தின படம் கூடாதுங்கறது சர்வதேச பாஸ்போர்ட் போட்டோ விதி, அமெரிக்க விசாவுக்கும் அதே கதைதான். சைஸுக்கு வெட்டுறது, சின்னதாக்குறது வேற விஷயம், அது பரவால்ல. ஆப் வேலைய கண்டுபிடிக்கறதும் ஈசி, காதுப்பக்கம் ஜூம் பண்ணிப் பாருங்க, பிள்ளையோட பூனைமுடி மழிஞ்சு போயிருக்கும், இல்லன்னா ஓரத்துல வெளிறின கோடு தெரியும்.

அதுக்கு பதிலா அப்பா வேட்டிய கரை தெரியாம சுருக்கமில்லாம பாயில விரிச்சு, பிள்ளைய மல்லாக்க படுக்க வைங்க, நேரா மேல இருந்து எடுங்க. வெயில் நேரா அடிக்காத ஜன்னல் பக்கம், முகத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் வரணும். ஃபிளாஷ் வேண்டாம், உங்க நிழலும் பிள்ள மேல விழக்கூடாது. கை, கிலுக்கு எதுவும் ஃபிரேம்ல வரக்கூடாது, கண்ணு திறந்து வாய் மூடி இருக்கணும் (இதுக்குத்தான் அரைமணி நேரம் போகும்). வெள்ளை சட்டை போட்டா வேட்டியோட கலந்துரும், கலர் சட்டையா போடுங்க.