ஆய்வுக் குறிப்பை மாணவர் கையேடாக்கும்போது

டிஎன்ஏவை ஜெல்லில் மின்சாரத்தால் பிரிக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘1% அகரோஸ் ஜெல்’ என்ற ஒரு வரி ஆய்வாளருக்குப் போதும், மாணவருக்குப் போதாது. பொருள் பட்டியலில் ஒரு குழுவுக்கான அளவையே கொடுங்கள்: அகரோஸ் 0.5 கிராம், டிஏஇ பஃபர் 50 மி.லி., 250 மி.லி. கூம்புக் குடுவை.

எச்சரிக்கைகளை முதல் பக்கத்தில் குவித்தால் யாரும் படிப்பதில்லை. மைக்ரோவேவில் சூடான ஜெல் கரைசல், குடுவையை அசைத்ததும் பொங்கிச் சிதறும். இதை அந்தப் படிக்கு நேர் மேலே, வெப்பக் கையுறையோடு சேர்த்து எழுதுங்கள்.

கோளாறு அட்டவணை மாணவர் கண்ணில் படுவதிலிருந்து தொடங்கட்டும். முதல் கட்டத்தில் ‘சாயம் பின்னோக்கி ஓடுகிறது’. அடுத்ததில் ‘மின்முனைகள் மாறியுள்ளன’. மூன்றாவதில் ‘மின்சாரத்தை நிறுத்தி, டிஎன்ஏ இட்ட குழிகள் எதிர்மின்முனைப் பக்கம் இருக்குமாறு மாற்றி இணைக்கவும்’.