ஸ்லே தி ஸ்பயர் பிடித்தவருக்கு அடுத்து எந்த கேம்? மெக்கானிக்ஸ் பார்த்துச் சொல்லும் முறை

"ஸ்லே தி ஸ்பயர் முடிச்சுட்டேன், அதே மாதிரி வேற என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், பலரும் உடனே இன்னொரு கார்டு கேமின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஹார்த்ஸ்டோனும் கார்டு கேம்தான். ஆனால் அதில் 30 கார்டு டெக்கை ஆட்டத்துக்கு முன்பே கட்டிவிட வேண்டும், எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஸ்பயரில் இரண்டுமே தலைகீழ்: டெக் ஆட ஆட வளரும், எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதும் முன்பே தெரியும். கார்டு என்பது வெறும் தோற்றம். கேட்டவர் மணிக்கணக்கில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

1. பிடித்த ஒரு தருணத்தைக் கேளுங்கள்

"ஏன் பிடிச்சது?" என்று கேட்டால் "செமையா இருந்துச்சு" என்பதோடு பதில் நின்றுவிடும். "எந்த இடத்துல கேமை நிறுத்தவே மனசு வரல?" என்று கேளுங்கள். ஸ்பயர் ஆடியவர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டு வகைப் பதில் வரும். "சாக வேண்டிய டர்ன்ல கணக்குப் போட்டுத் தப்பிச்சேன்" என்பார் ஒருவர். "என் டெக் கடைசியில நிக்காம ஓடுச்சு" என்பார் மற்றவர். கேம் ஒன்றுதான் என்றாலும் இவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

2. ஒரு டர்னை வினைச்சொற்களாக எழுதுங்கள்

கதை, உலகம், பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆடுபவர் செய்வதை மட்டும் எழுத வேண்டும். முதல் மாடியில் ஜா வோர்ம் என்ற எதிரி வருகிறது என்று வையுங்கள். அதன் தலைக்கு மேல் 11 என்று தெரிகிறது, அதாவது அடுத்து 11 அடி விழும். உங்களிடம் 3 எனர்ஜி. கையில் மூன்று ஸ்ட்ரைக், இரண்டு டிஃபெண்ட். ஒவ்வொன்றுக்கும் 1 எனர்ஜி செலவு. ஸ்ட்ரைக் 6 அடி கொடுக்கும், டிஃபெண்ட் 5 அடியைத் தடுக்கும். இரண்டு டிஃபெண்டும் ஒரு ஸ்ட்ரைக்கும் போட்டால் உங்களுக்கு 1 அடிதான் விழும், எதிரிக்கு 6. மூன்றும் ஸ்ட்ரைக் என்றால் எதிரிக்கு 18, உங்களுக்கு முழு 11.

இதை எழுதினால் இப்படி வரும்: வரப்போகும் அடியைப் படிக்கிறார், குறைந்த வளத்தைப் பங்கிடுகிறார், தடுப்பதா அடிப்பதா என்று முடிவெடுக்கிறார். சண்டை முடிந்தபின் மூன்று கார்டில் ஒன்றை எடுக்கிறார், அல்லது எதுவும் வேண்டாம் என்று விடுகிறார். இப்படியே டெக் வளர்கிறது.

3. ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். "எதிரி என்ன செய்யப்போகுதுன்னு காட்டலேன்னா உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேளுங்கள். முதல் ஆள் வேண்டவே வேண்டாம் என்பார். இரண்டாமவர் பரவாயில்லை என்பார். "டெக் வளராம, ஆரம்பத்துல இருந்ததே கடைசி வரைக்கும் இருந்தா?" என்றால் பதில்கள் இடம் மாறும். எதை நீக்கியதும் ஆசை போய்விடுகிறதோ, அதுதான் அவருக்கு மையம்.

4. மையத்துக்கு ஏற்ற கேமைத் தேடுங்கள்

முதல் ஆளுக்கு இன்டு தி பிரீச். கார்டே கிடையாது, 8-க்கு 8 கட்டத்தில் மூன்று இயந்திரங்கள். எதிரிகள் நகர்ந்து எந்தக் கட்டத்தை அடிக்கப்போகிறார்கள் என்று காட்டிவிடுவார்கள், பிறகுதான் உங்கள் முறை. எதிரியை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அதன் அடி இன்னொரு எதிரி மேலேயே விழக்கூடும். ஜா வோர்ம் முன் போட்ட அதே வகைக் கணக்கு, வேறு உருவத்தில்.

இரண்டாமவருக்கு பலாட்ரோ. போக்கர் கைகளை ஆடி, இலக்காகக் கொடுத்த புள்ளியைத் தாண்ட வேண்டும். வாங்கும் ஜோக்கர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து புள்ளியைப் பெருக்கும்.

ஸ்டீமில் டேக்கை மட்டும் பார்த்தால் ஸ்பயருக்கு நெருக்கமாகத் தெரிவது பலாட்ரோதான். ஆனால் அதில் உங்களைத் தாக்கும் எதிரி யாரும் இல்லை, அதனால் அடியைப் படித்துத் தடுக்கும் வேலையும் இல்லை. முதல் ஆளிடம் அதைக் கொடுத்தால் சீக்கிரமே சலித்துப்போக வாய்ப்பு அதிகம்.

5. எத்தனை முறை வருகிறது என்று சரிபாருங்கள்

மெக்கானிக் இருந்தால் மட்டும் போதாது. ஸ்பயரில் அந்த முடிவு ஒவ்வொரு டர்னிலும் வரும். வேறொரு கேமில் அதே முடிவு அரை மணிக்கு ஒருமுறைதான் வந்தால் அந்தச் சுவை கிடைக்காது. ட்ரெய்லரில் இது தெரியாது. கேம்ப்ளே வீடியோவின் நடுவிலிருந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆடுபவர் எத்தனை தடவை நின்று யோசிக்கிறார் என்று எண்ணுங்கள்.

6. இல்லாததையும் சேர்த்துச் சொல்லுங்கள்

வெறும் பெயரைக் கொடுத்தால், வாங்கியவர் பழைய கேமில் இருந்த எல்லாவற்றையும் இதிலும் எதிர்பார்ப்பார். முதல் ஆளுக்கு இப்படி எழுதலாம்: "இன்டு தி பிரீச் ஆடிப் பாருங்க. எதிரி அடிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்து, ஒவ்வொரு டர்னையும் கணக்காத் தீர்க்கலாம். டெக் கட்டுறது இதுல இல்ல, ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவுல வளர்ச்சியும் கம்மி."