கடன் குறைவாகத் தெரிந்தாலும் வட்டியையும் பாருங்கள்

ஒரு கம்பெனியின் கடன்-பங்கு விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பங்குதாரர் நிதி 500 கோடி, கடன் 300 கோடி என்று வையுங்கள், விகிதம் 0.6, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 10% வட்டி என்றால் வருடத்துக்கு 30 கோடி கட்ட வேண்டும். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 36 கோடிதான் என்றால் வட்டி ஈட்டு விகிதம் 36/30, அதாவது வெறும் 1.2. விற்பனை கொஞ்சம் சறுக்கினாலே வட்டி கட்டத் திணறும்.

அப்புறம், அந்த 36 கோடி எங்கிருந்து வந்தது என்று லாப நட்டக் கணக்கில் ‘இதர வருமானம்’ என்ற இடத்தைப் பாருங்கள். அதில் 12 கோடி நிலம் விற்றதில் வந்த லாபம் என்றால் (இது அடிக்கடி நடப்பதுதான்) அதைக் கழித்துவிடுங்கள், மிச்சம் 24, விகிதம் 0.8. தொழிலில் வரும் லாபம் வட்டிக்கே பத்தவில்லை. சாதாரணக் கம்பெனிக்கு 3-க்கு மேல் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. வங்கிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது, கடன் வாங்கிக் கடன் கொடுப்பதுதானே அவற்றின் தொழில்.