குழுமத்தின் பின்னால் இருக்கும் குடும்பம்: சாம்சங்கை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஒரு பெரிய நிறுவனக் குழுமம் யாருடைய கையில் இருக்கிறது என்று தேடும் புதியவர்கள் பெரும்பாலும் தலைவர் பதவியில்தான் தொடங்குகிறார்கள். பதவி எப்போது கைமாறியது என்பது செய்தித்தாளிலேயே கிடைத்துவிடும். ஆனால் பிடி எப்போது கைமாறியது என்பதைப் பங்குகள்தான் சொல்லும். இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் இடைவெளி இருக்கலாம். தென் கொரியாவின் சாம்சங் இதற்கு நல்ல பாடம்.

படி 1: மனிதப் பெயர் வரும் வரை மேலே ஏறுங்கள்

குழுமத்தின் மிகப் பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கொரிய நிறுவனங்களின் அறிக்கைகள் dart.fss.or.kr தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் பெரிய பங்குதாரர்களும் அவர்களைச் சார்ந்தோரும் உள்ள பட்டியலைத் திறங்கள்.

சாம்சங் எலெக்ட்ரானிக்ஸின் பட்டியலில், குழுமத்தைத் தொடங்கியவரின் பேரனும் இன்றைய தலைவருமான லீ ஜே யோங்கின் சொந்தப் பங்கு இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடாது. இதைப் பார்த்துவிட்டு ‘குடும்பத்தின் பிடி சிறியது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே பட்டியலில் சாம்சங் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனமும் சாம்சங் சி அண்ட் டி என்ற நிறுவனமும் பெரிய பங்குதாரர்களாக நிற்கின்றன. அடுத்து சாம்சங் லைஃபின் அறிக்கையைத் திறந்தால், அங்கும் சி அண்ட் டி வரும். சி அண்ட் டியின் அறிக்கையில் முதல் பெயராக லீ ஜே யோங் இருப்பார். உச்சி இதுதான். ஏறிய வழியைத் தாளில் அம்புக்குறிகளால் வரைந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உடன்பிறந்தோரையும் எழுதுங்கள்

1938-ல் குழுமத்தைத் தொடங்கிய லீ ப்யூங் சுல் 1987-ல் இறந்தபோது, தலைமை மூத்த மகனுக்குப் போகவில்லை. மூன்றாவது மகன் லீ குன் ஹீக்குப் போனது. மூத்த மகனின் கிளையிடம் சென்ற தொழில்தான் பின்னர் சிஜே குழுமம் ஆனது. இளைய மகளிடம் சென்றது ஷின்செகே என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம். குடும்ப மரத்தில் இவர்களை விட்டுவிட்டால், ஒரு நிறுவனம் ஏன் திடீரென்று குழுமத்தை விட்டு விலகியது என்பது உங்களுக்குப் புரியாது.

படி 3: இரண்டு காலக்கோடுகள்

இதற்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். ஒரு கோட்டில் பதவிகள், இன்னொரு கோட்டில் பங்குகள்.

மூன்றாம் தலைமுறையின் பதவிக் கோடு எளிது. 2014 மே மாதம் லீ குன் ஹீ மாரடைப்பால் வீழ்ந்தார், 2020 அக்டோபரில் இறந்தார். அவருடைய மகன் லீ ஜே யோங் முறைப்படி தலைவரானது 2022 அக்டோபரில்.

பங்குக் கோடு 1996-லேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஆண்டு எவர்லேண்ட் என்ற குழும நிறுவனம், பின்னர் பங்காக மாற்றிக்கொள்ளத்தக்க கடன்பத்திரங்களை வெளியிட்டது. பழைய பங்குதாரர்களில் பெரும்பாலோர் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க, லீ ஜே யோங்கும் சகோதரிகளும் பங்குக்கு 7,700 வோன் என்ற விலையில் அவற்றைப் பெற்றார்கள். விலை மிகக் குறைவு என்று வழக்கு நடந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த வெளியீடு குற்றமல்ல என்றது. எவர்லேண்ட் பிறகு சாம்சங் லைஃபின் பெரிய பங்குதாரரானது. 2014-ல் அதன் பெயர் சேயில் இண்டஸ்ட்ரீஸ் என்று மாறியது. 2015 செப்டம்பரில் அது பழைய சி அண்ட் டியுடன் இணைந்து அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. முதல் படியில் நாம் கண்ட உச்சி உருவான கதை இது.

ஆகவே நிறுவனத்தின் பெயர் மாறும்போதெல்லாம் பழைய பெயரைக் குறித்துவையுங்கள். இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் 2015-க்கு முன்னால் இந்தத் தடத்தைத் தவறவிடுவார்.

படி 4: சொத்து பிரிந்த விதத்தைப் பாருங்கள்

2021-ல் லீ குன் ஹீயின் எலெக்ட்ரானிக்ஸ் பங்குகள் சட்டப்படியான விகிதத்தில் பிரிந்தன: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. ஆனால் சாம்சங் லைஃபில் இருந்தவற்றில் பாதி லீ ஜே யோங்குக்கே போனது. சமமாகப் பிரிக்காமல் ஒருவரிடமே அதிகம் சேர்த்த இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். குடும்பமே எதைப் பிடியின் கண்ணியாகக் கருதுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. கொரிய நியாய வணிக ஆணையம் ஒவ்வொரு பெரிய குழுமத்தையும் உண்மையில் கட்டுப்படுத்துபவர் யார் என்று அறிவிக்கிறது. சாம்சங்குக்கு அது லீ ஜே யோங்கின் பெயரை அறிவித்தது 2018-ல். தந்தை உயிரோடு இருந்தபோதே, மகன் தலைவராவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே.

பதிவேடு பொய் சொல்லும் இடம்

பங்குகள் பிறர் பெயரில் இருந்தால் இந்த முறை தோற்றுவிடும். லீ குன் ஹீ பெரும் சொத்தை மற்றவர்கள் பெயரிலான கணக்குகளில் வைத்திருந்தது 2008-ல் சிறப்பு வழக்கறிஞரின் விசாரணையில்தான் வெளிவந்தது. அப்படிப்பட்ட பங்குகளில் தனக்கும் உரிமை உண்டு என்று மூத்த அண்ணன் 2012-ல் வழக்குத் தொடுத்துத் தோற்றார். நிறுவன அறிக்கைகளில் கிடைக்காத இந்தச் செய்திகள் நீதிமன்றத் தீர்ப்புகளில் கிடைக்கும். குடும்பத்துக்குள் சொத்து வழக்கு நடந்திருந்தால், ஆண்டறிக்கைகளை முடித்த கையோடு அந்தத் தீர்ப்பையும் தேடிப் படியுங்கள்.