ஆட்டோ ஸ்வீப் கணக்கு: வரம்பை எங்கே வைப்பது, எந்த டெபாசிட் முதலில் உடையும்

ஏடிஎம் சீட்டில் இருப்பு 50,000 என்று வரும். கீழே MOD BAL என்று இன்னொரு தொகை இருக்கும். "கணக்கில் இருந்த ஒன்றரை லட்சத்தைக் காணோம்" என்று பதறிப்போய் வங்கிக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் எங்கும் போகவில்லை. சேமிப்புக் கணக்கில் வரம்புக்கு மேல் இருந்த தொகையை வங்கி தானாகவே பிக்சட் டெபாசிட்டாக மாற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கணக்கில் பணம் போதாதபோது அந்த டெபாசிட்டில் வேண்டிய அளவு மட்டும் உடைந்து திரும்பி வரும்.

இதைப் பொதுவாக ஆட்டோ ஸ்வீப் என்கிறார்கள். ஸ்டேட் வங்கியில் சேவிங்ஸ் பிளஸ் கணக்கு என்று பெயர். அதில் உருவாகும் டெபாசிட்தான் மல்டி ஆப்ஷன் டெபாசிட், சுருக்கமாக மாட். மற்ற வங்கிகளில் பெயர் மாறும், வேலை கிட்டத்தட்ட இதேதான். இந்தப் பதிவில் ஸ்டேட் வங்கியின் முறையை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: வரம்பை முடிவு செய்யுங்கள்

வங்கிக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கடந்த ஆறு மாதக் கணக்கு விவரத்தை எடுத்து, ஒரு மாதத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். வாடகை, கடன் தவணை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான். அந்தத் தொகைக்குச் சற்று மேலே வரம்பை வையுங்கள். வங்கி சொல்லும் குறைந்தபட்ச வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். "குறைவாக வைத்தால் அதிகப் பணம் டெபாசிட்டுக்குப் போகுமே" என்று தோன்றும். அங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்.

மாதச் செலவுக்கான பணம் முதல் தேதி டெபாசிட்டுக்குப் போய், பதினைந்தாம் தேதிக்குள் திரும்பி வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட்டை முன்கூட்டியே உடைத்தால், ஒப்புக்கொண்ட வட்டி கிடைக்காது. பணம் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாளுக்கான வட்டி விகிதத்தை எடுத்து, அதிலும் அபராதமாகச் சிறிது, பெரும்பாலும் அரை சதவீதம், கழிப்பார்கள். பதினைந்து நாள் டெபாசிட்டுக்கான வட்டியில் அரை சதவீதம் போனால், மிஞ்சுவது சேமிப்புக் கணக்கு வட்டியை ஒட்டித்தான் இருக்கும். ஏழு நாளுக்குள் உடைந்தால் வட்டியே கிடையாது. சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருந்தால் நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி வந்திருக்கும். ஆக, மாதாமாதம் போய்த் திரும்பி வரும் பணத்தால் லாபம் இல்லை. கணக்கு விவரத்தில் சின்னச் சின்ன டெபாசிட்டுகள் குவிந்து, படிக்கவே முடியாமல் போவதுதான் மிச்சம்.

இரண்டாவது படி: உடையும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

விண்ணப்பத்தில் இரண்டு வழிகள் இருக்கும். LIFO என்றால் கடைசியாகப் போட்ட டெபாசிட் முதலில் உடையும். FIFO என்றால் முதலில் போட்டது முதலில் உடையும். இந்த இடத்தை யோசிக்காமல் தாண்டிவிடாதீர்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வரம்பு 50,000. டெபாசிட் உருவாகக் குறைந்தது 10,000 வேண்டும், ஆயிரத்தின் மடங்காக இருக்க வேண்டும். ஜூன் 10 அன்று கணக்கில் 1,86,400 ரூபாய் இருக்கிறது. வரம்புக்கு மேல் 1,36,400. அதில் 1,36,000 டெபாசிட்டுக்குப் போகிறது. மீதி 400 ஆயிரத்துக்குக் குறைவு என்பதால் கணக்கிலேயே தங்குகிறது. இருப்பு 50,400. ஓராண்டுக்கு வட்டி 6.25 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

அடுத்த பதினோரு மாதமும் சம்பளம் வந்து செலவாகிறது, இருப்பு வரம்பைப் பெரிதாகத் தாண்டவில்லை. மே 1 அன்று இருப்பு மறுபடியும் 50,400 ஆக இருக்கும்போது சீட்டுப் பணம் 60,000 வருகிறது. அது அப்படியே இரண்டாவது டெபாசிட் ஆகிறது. மே 5 அன்று பள்ளிக் கட்டணமும் வேறு செலவுகளும் சேர்ந்து 67,500 கட்ட வேண்டும். கணக்கில் 50,400தான் இருக்கிறது, குறைவது 17,100. ஆயிரம் ஆயிரமாகத்தான் உடையும் என்பதால் 18,000 உடைகிறது.

LIFO என்றால் நான்கு நாள் வயதுள்ள டெபாசிட்டிலிருந்து 18,000 வரும். ஏழு நாள் ஆகாததால் அதற்கு வட்டி இல்லை. சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீதத்துக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஐந்து ரூபாய் போச்சு. மீதி 42,000 பழைய தேதியிலேயே, பழைய வட்டியிலேயே தொடரும்.

FIFO என்றால் பதினோரு மாதம் ஓடிய டெபாசிட் உடையும். அந்தக் காலத்துக்கான வட்டி 5.5 என்று வைத்தால், அபராதம் போக 5 சதவீதம். ஒன்றேகால் சதவீத வித்தியாசத்தில் அந்த 18,000க்குக் கிடைக்க வேண்டிய வட்டியில் சுமார் 200 ரூபாய் குறையும். இன்னும் ஒரே மாதம் விட்டிருந்தால் முழு வட்டியும் வந்திருக்கும்!

அதனால் பெரும்பாலானவர்களுக்கு LIFOதான் சரி என்பது என் கருத்து. புதிய டெபாசிட்டின் வட்டி பழையதைவிட நன்றாக உயர்ந்திருக்கும் சமயத்தில் மட்டும் FIFO பற்றி யோசிக்கலாம்.

மூன்றாவது படி: விண்ணப்பம்

கிளையில் எழுதிக் கொடுக்கலாம், அல்லது இணைய வங்கிச் சேவையில் Auto Sweep என்று தேடலாம். வரம்பு, காலம் (ஒன்று முதல் ஐந்து ஆண்டு), உடையும் வரிசை மூன்றையும் குறிப்பிட வேண்டும். முதல் முறைக்கு ஓராண்டு போதும். கூடவே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பணம் அன்றன்றைக்கே மாறுமா, வாரத்தில் ஒரு நாளா? நாமினி பெயர் டெபாசிட்டுக்கும் சேர்கிறதா?

நான்காவது படி: சோதித்துப் பாருங்கள்

முதல் டெபாசிட் உருவானதும் கணக்கு விவரத்தில் வரம்பு, தேதி, வட்டி மூன்றும் நீங்கள் எழுதியபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் இருப்பைவிடச் சற்றே அதிகமாக ஒரு தொகையை உங்களுடைய வேறொரு கணக்குக்கு அனுப்புங்கள். போய்ச் சேர்ந்தால் உடையும் ஏற்பாடு வேலை செய்கிறது. கடன் தவணை திரும்பிப்போய் அபராதம் கட்டும்போது தெரிந்துகொள்வதைவிட இது நல்லது.

வரி பற்றி ஒரு வார்த்தை. பழைய வரி முறையில் சேமிப்புக் கணக்கு வட்டிக்குக் கிடைக்கும் 10,000 ரூபாய்க் கழிவு இந்த டெபாசிட் வட்டிக்குப் பொருந்தாது. 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் ஆண்டு டெபாசிட் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் (மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம்) டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் எண் இணைக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

இந்த வசதி வேண்டாம் என்று பிறகு தோன்றினால், நிறுத்தும்போது பழைய டெபாசிட்டுகளை என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதிர்வு வரை அப்படியே ஓட விடச் சொல்லலாம். எல்லாவற்றையும் அன்றே உடைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அபராதம் விழும்.